கட்டுரையைப் படிக்காமல் பரிசு கொடுக்கப் போன கதை

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு கொடுப்பது என்று சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் கல்லூரி முடிவு செய்தது. தேர்வுக் குழுவில் மூன்று பேர்: முதல்வர், தாவரவியல் மேடம், நான்.

முதல்வர் வணிகவியல்காரர். நல்ல மனுஷர், வேலையை இழுத்தடிக்கத் தெரியாதவர். தாவரவியல் மேடம் இலஞ்சியில் இருக்கிறார். நானும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் முன்னால் என்னை ‘சார்’ என்பார். சண்டைக்கு வரும்போது மட்டும் ‘அண்ணாச்சி’. அதனால் எங்கள் கல்லூரியில் அவர் வாயில் அண்ணாச்சி வந்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

கடைசியில் இரண்டு கட்டுரைகள் மிஞ்சின. ஒன்று என் பழைய மாணவனுடையது. ஆய்க்குடிப் பையன்; என்னிடம் படித்து, இப்போது என் துறையிலேயே வேலை பார்க்கிறான். குடிதண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் நிறம் மாறிக் காட்டும் ஒரு பொருளைப் பற்றி வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றோடு சேர்ந்து எழுதியிருந்தார்கள். பெரிய ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்பதுக்கு மேல். இன்னொன்று விலங்கியலில் புதிதாகச் சேர்ந்திருந்த சுரண்டைப் பெண்ணுடையது. குற்றாலத்தில் ஆட்கள் குளிக்கும் ஓடையில், கல்லுக்கடியில் ஒட்டி வாழும் நீர்ப்பூச்சிகள் என்ன ஆகின்றன என்பதைப் பற்றியது. அது வந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்குங்கேன்?” என்றார் முதல்வர். “ஒம்போது பெருசா, ஒன்னு பெருசா? அதுலயும் சந்தேகம்னா எச்-இண்டெக்ஸப் பாப்போம். அந்தப் பொண்ணுக்கு மூணுதான் இருக்கு.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் மாணவன் அல்லவா! தலையாட்டினேன்.

“அண்ணாச்சி” என்றார் மேடம்.

முதல்வர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இம்பாக்ட் ஃபேக்டர்னா என்னன்னு சாருக்கு நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். ஒரு ஜர்னல் முந்தின இரண்டு வருஷத்தில் போட்ட கட்டுரைகளை இந்த வருஷம் மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவதுதான் அது.

“சராசரிதானே?” என்றார் முதல்வர்.

“சராசரிதான் சார்” என்று மேடம் பிடித்துக்கொண்டார். “பத்துக் கட்டுரைன்னு வைங்க. ஒன்ன மட்டும் தொண்ணூத்தொரு தடவ எடுத்துப் பேசுதாங்க. மத்த ஒம்போதும் ஆளுக்கு ஒரு தடவ. சராசரி என்ன வருது?”

“பத்து.”

“அந்த ஒம்போதுல எதுக்காவது பத்து இருக்கா? ஜர்னலுக்குப் போட்ட மார்க்க அதுல வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் குடுக்கீங்களே, எப்படி?”

முதல்வர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அந்தப் பெரிய ஜர்னலின் கட்டுரைகளை மேற்கோள் வரிசைப்படி எடுத்துக் காட்டினேன். மேடம் சொன்ன மாதிரியேதான் இருந்தது. மேலே சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வாங்கியிருந்தன. கீழே போகப்போக இரண்டு, மூன்று, சில பூஜ்யம். பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அவர்கள் மெதுவாகத்தான் எழுதுவார்கள், அதனால் அந்தத் துறை ஜர்னல்களின் எண் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும் என்றும் மேடம் சொன்னார்.

“அப்ப எச்-இண்டெக்ஸ்?” என்றார் முதல்வர், விடாமல்.

“அதுக்கு அண்ணாச்சியே உதாரணம். உங்களுக்கு எத்தன?”

“இருபத்தொன்னு” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான். “குறைஞ்சது இருபத்தொரு தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை என்கிட்ட இருபத்தொன்னு இருக்குன்னு அர்த்தம்.”

“நீங்க எழுதினதுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கட்டுரை?”

என் முனைவர் பட்ட காலத்துக் கட்டுரை ஒன்று. மூன்று வருஷம் கண் எரிய உட்கார்ந்து செய்தது. அதை ஆறு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எச்-இண்டெக்ஸ் கணக்குக்குள் அது வரவே வராது. அதைச் சொன்னபோது மேடம் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அந்தப் பொண்ணு இதுவரைக்கும் எழுதினதே அஞ்சு கட்டுரை சார்” என்றார் முதல்வரிடம். “தலைகீழா நின்னாலும் அவ எச்-இண்டெக்ஸ் அஞ்சத் தாண்டாது. அண்ணாச்சிக்கு வயசாக ஆக ஏறுமே தவிர இறங்காது. அது ஆளோட இத்தன வருஷத்துக் கணக்கு. இந்த ஒரு கட்டுரை நல்லா இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது.”

“அப்ப என்னதான் செய்யணும்ங்கீங்க?”

“படிக்கணும்.”

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கட்டுரையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மாணவன் கட்டுரையை முதலில் படித்தேன். சுத்தமான வேலை. ஆனால் தலைப்பில் குடிதண்ணீர் என்று இருந்தது. சோதனை எல்லாம் காய்ச்சி வடித்த சுத்த நீரில். ஆற்றுத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நானும் சொன்னேன் சார், சிற்றாத்துத் தண்ணி எடுத்துட்டு வாரேன்னு” என்றான். “அந்த வெளியூர் லேப்ல நேரமில்லன்னுட்டாங்க. நான் பண்ணது அந்தப் பொருளத் தயாரிச்சுக் குடுத்தது மட்டுந்தான். பதினாலு பேர்ல நான் ஒம்போதாவது ஆளு.” போகும்போது, “அந்த விலங்கியல் மேடம் பேப்பர நான் படிச்சேன் சார். நல்லாருக்கு” என்றான்.

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆட்கள் குளிக்கும் ஓடையில் பூச்சி குறைகிறது என்றது பூச்சிக் கட்டுரை. அதில் எனக்கு ஒரு சந்தேகம். சாரல் சீசனில் கூட்டமும் ஜாஸ்தி, ஓடையில் வெள்ளமும் ஜாஸ்தி. பூச்சி குறைந்ததற்குக் குளிக்கிறவர்கள் காரணமா, வெள்ளமே அடித்துக்கொண்டு போனதா? பக்கத்து ஓடைக் கணக்கு ஒன்றும் அட்டவணையில் இருந்தது; அது எதற்கு என்று வேதியியல்காரனான எனக்குப் பிடிபடவில்லை. முதல்வருக்கும் இதைக் கேட்டதும் சுவாரசியம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மூவரும் அந்தப் பெண்ணோடு குற்றாலம் போனோம். சீசன் முடிந்து கூட்டம் குறைந்திருந்தது. முதல்வர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“ஏட்டி, அந்தக் கல்லப் பெரட்டு” என்றார் மேடம்.

அவள் புரட்டினாள். கல்லின் அடியில் நகத்தளவு உயிர்கள் நெளிந்தன. என் சந்தேகத்தைக் கேட்டேன்.

“அதுக்குத்தான் சார் பக்கத்து ஓடையும் எடுத்தேன்” என்றாள். “அங்கன யாரும் குளிக்க மாட்டாங்க. சீசனுக்கு முந்தி, சீசன்ல, முடிஞ்ச பெறகு, ரெண்டு ஓடையிலயும் எண்ணினேன். வெள்ளம்தான் காரணம்னா ரெண்டுலயும் ஒன்னுபோலக் கொறயணும். அங்கன கொஞ்சந்தான் கொறஞ்சுது. இங்கன, ஆளுங்க குளிக்குற எடத்துக்குக் கீழ, ரொம்பக் கொறஞ்சுது.”

“சோப்புத் தண்ணியாலயா?” என்றார் முதல்வர்.

“சோப்பா, காலால மிதிச்சதான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல சார். கட்டுரையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

முதல்வர் தண்ணீரில் நின்றபடியே என் பக்கம் திரும்பினார். “தெரியாததத் தெரியாதுன்னு எழுதியிருக்கா” என்றார் என்னிடம், கணக்கு சரியாக வந்தவர் மாதிரி.

பரிசு அவளுக்குத்தான். மேடையில் முதலில் கைதட்டியது ஆய்க்குடிக்காரன். அடுத்து வந்த விடுமுறையிலேயே அவன் சிற்றாற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து, அதில் ஈயம் கலந்து சோதனையைத் தொடங்கினான். நிறம் சரியாக மாறவில்லை. ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

நூலகத்துக்கு எந்த ஜர்னல் வாங்கலாம் என்று பார்க்கும்போது முதல்வர் இப்போதும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கேட்பார். அதற்கு அது கொஞ்சம் உதவத்தான் செய்கிறது. பரிசுக் கட்டுரைகளை மட்டும் குழு முழுசாகப் படிக்க வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார். விளைவு, அடுத்த வருஷம் ஒரு கட்டுக் கட்டுரைகள் வந்து விழுந்தன. இலஞ்சியில் மேடம் வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்தோம். சமன்பாடுகளாக நிறைந்திருந்த ஒரு கட்டுரையை நாங்கள் மூவரும் மாறி மாறிப் படித்தும் ஒரு வரி புரியவில்லை.

“இதுக்கு நம்பரப் பாத்துக் குடுத்துருவோமா?” என்றேன்.

“கணக்கு டிபார்ட்மென்டுக்கு அனுப்புங்க அண்ணாச்சி” என்றார் மேடம். அனுப்பினோம்.