ஜன்னலை மறைத்து நின்றவள்

சிவாஜிநகரில் ஒரு ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட் கடையில் எனக்கு வேலை. முதலாளிக்கு ஊரின் இன்னொரு பக்கம், அடுகோடி ஏரியாவிலும் ஒரு கடை உண்டு. அங்கே வரும் படங்களில் திருத்த வேண்டியது இருந்தால் எனக்குத்தான் அனுப்புவார்.

அன்று வாட்ஸ்அப்பில் ஒரு படமும் அவருடைய குரலும் வந்தன. "நடுவுல யாரையோ போன்லயே அழிச்சிருக்காங்கம்மா. ஜன்னல் கம்பியெல்லாம் நெளிஞ்சு போச்சு. நீட்டா பண்ணிக் குடு. பார்ட்டி ஃபிரேம் கேக்குறாங்க."

இது எங்களுக்குப் பழகிப்போன தொல்லை. விரலால் ஒரு தட்டு, ஆள் மாயம். பின்னால் வெறும் சுவரோ வானமோ இருந்தால் பிரம்மனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஆளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று போனுக்குத் தெரியாது. சுற்றிலும் இருப்பதைப் பார்த்து அதுவாக ஒன்றைக் கற்பனை செய்து நிரப்பும். கம்பி, கட்டம் போட்ட திரைச்சீலை, புடவைக் கரை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் குழம்பிவிடும். இந்தப் பக்கக் கம்பி அந்தப் பக்கக் கம்பியோடு சேராது.

படத்தைப் பெரிதாக்கினேன். என் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். புது வீட்டு கிருகப்பிரவேசத்தன்று எடுத்தது. அழிக்கப்பட்டது நான்.

ஓரத்தில் நின்றிருந்தால் வெட்டிவிட்டிருப்பார்கள், வேலை சுலபம். அன்று நான் ஓரமாகத்தான் நின்றேன். "நீ ஏன் அங்க நிக்கிறே? நடுவுல வா" என்று கையைப் பிடித்து இழுத்தது அண்ணன்தான். அண்ணனுக்கும் அவர் மகளான என் மருமகளுக்கும் நடுவில், ஜன்னலை மறைத்து நின்றேன். மருமகளின் தோளில் கை போட்டிருந்தேன். இப்போது அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூடத்தில் படம் மாட்டினால் இது யார், புருஷன் எங்கே என்று கேட்பார்கள். புருஷனை விட்டு வந்த அத்தை என்று சொல்ல வேண்டியிருக்கும். காரணம் எனக்கே புரிந்தது. யாரும் சொல்லாமலே புரிந்ததுதான் அசிங்கமாக இருந்தது.

நான் நின்ற இடத்தில் கம்பிகள் இளகி வழிந்திருந்தன. திரையின் கட்டங்கள் பாதியில் கரைந்திருந்தன. மருமகளின் தோளில் மட்டும் என் விரல்நுனிகள் மூன்று மிச்சமிருந்தன. பட்டுச் சரிகையோடு ஒட்டியிருந்ததால் அவற்றை அவளுடையவை என்று போன் நினைத்துவிட்டது.

முடியாது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி, கெடாமல் இருந்த கம்பியை நகலெடுத்து ஒவ்வொன்றாக வைத்துச் சேர்த்தேன். திரையின் கட்டங்களை எண்ணி ஒட்டினேன். விரல்களைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். சின்ன விஷயம், விட்டிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பாழாய்ப்போன குணம். சரிகைக் கரையை இழுத்து அவற்றையும் மூடினேன்.

ஃபிரேமை அடுகோடிக்குக் கொண்டுபோகும் பையன் அன்று வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். படத்தை வாங்க அண்ணன் வருவார் என்று தெரிந்தேதான் போனேன். அதுவும் என் முதலாளியின் கடைதான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆங்காரம் எனக்கு.

வந்தார். கவுண்டரில் இருந்த ஃபிரேமைத்தான் முதலில் பார்த்தார். கம்பிகளின் மேல் விரலை ஓட்டினார். "எங்க பொண்ணு போன்ல என்னமோ பண்ணி கெடுத்து வெச்சிருந்தா. இப்ப தெரியவே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார்.

என்னைப் பார்த்ததும் ஃபிரேமின் மேலிருந்த விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"நீயா பண்ணே?"

"ஆமாண்ணா."

திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "நல்லா பண்ணியிருக்கேம்மா" என்றார்.

அவருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்ததோ, நான் அறியேன். என் வெட்கம் எனக்குத் தெரியும். அண்ணன் வாயால் நல்லா பண்ணியிருக்கே என்று கேட்டதும் எனக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் வந்தது. ஃபிரேமை அவர் பக்கம் திருப்பி, நான் நின்ற இடத்தைக் காட்டி, "ஒட்டுப் போட்டது தெரியலையே அண்ணா?" என்று கேட்டேன்.