வாயிலுக்கு உள்ளே மட்டும்

"மேடைக் கதை மேடையோட போகும் பிள்ளை. நீ கதைச்சுச் சந்தை மாறப்போகுதோ?"

வலையில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் சொப்பிங் பை ஒன்றைப் பிய்த்தெடுத்தபடியே அப்பா கேட்டார். நான் விவாதப் போட்டிக்கு உரை எழுதிக்கொண்டிருந்தேன். சந்தைகளில் பிளாஸ்டிக் பைகள் தடைசெய்யப்பட வேண்டும் என்பது தலைப்பு. அதை ஆதரிக்கும் அணியின் முதற் பேச்சாளர் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல்தான் வைக்கிறார். அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது.

போட்டியைப் பிரதேச இளைஞர் மன்றம் நடத்தியது. ஒருவருக்கு ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு. தலைப்பை வரையறுப்பது முதற் பேச்சாளரின் பொறுப்பு. "சந்தை என்பது பிரதேச சபை வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளும் அவற்றைச் சுற்றிய மதிலுக்கு உள்ளான வளவும்" என்று வரையறுத்தேன். எல்லையைச் சுருக்கினால் எதிரணிக்குத் தாக்க இடம் குறையும். அது விவாதக்காரரின் பழைய உத்தி.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாரி மழையில் பை அடைத்த வடிகான் நிரம்பிச் சந்தைக்குள் முழங்காலளவு தண்ணீர் ஏறுவதை. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகுவதை. கொட்டியாரக் குடாவின் நடுவில் இயந்திர விசிறியில் பை சுற்றி இயந்திரம் நின்றுபோய், அப்பாவின் படகு காற்றோடு இழுபட்டதை. துணிப்பையும் பனையோலைப் பெட்டியும் போதும் என்று முடிக்கையில் முதல் மணி அடித்தது.

எதிரணியில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்தாள். "சந்தை வாயிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவர் பை கொடுப்பாரே, அவரை என்ன செய்வீர்கள்?"

"நண்பி தலைப்பை மறந்துவிட்டு வீதியில் நிற்கிறார். அவரைச் சந்தைக்குள் அழைத்து வாருங்கள்" என்றேன். மண்டபம் சிரித்தது. நாங்கள் வென்றோம்.

நடுவர்களில் ஒருவர் சந்தைக் குழுவின் செயலாளர். என் உரைப் பிரதியைக் கேட்டு வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் சந்தை வாயிலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. மதிலுக்கு உள்ளே பை கொடுத்தால் தண்டம். சந்தைக்கு என்ன பொருள் என்பது என் வசனத்திலேயே இருந்தது. அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வலையைத் திரும்பக் கையில் எடுத்தார்.

என் அம்மா அந்தச் சந்தைக்குள்தான் மீன் விற்கிறா.

மரக்கறிக்காரருக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. மீன் அப்படியில்லை. கடதாசி ஊறிக் கிழியும். ஓலைப் பெட்டியில் மீன்தண்ணீர் ஒழுகும். வேலை முடிந்து வருகிறவர் வெறுங்கையோடுதான் வருவார். கட்டைபறிச்சானுக்குப் போக வேண்டிய ஒருவர் மீன் வாங்கிய பெட்டியோடு பஸ்ஸில் ஏறப் போய்த் திரும்பி வந்தார். "கொண்டக்டர் ஏத்தமாட்டானாம் அக்கா. சீற்றெல்லாம் நாறுமாம்" என்று அம்மாவிடம் பெட்டியை நீட்டினார். பிறகு அவர் வாயிலைத் தாண்டிப் போய், மோட்டார் சைக்கிள்காரரிடம் பையில் சூடை மீன் வாங்கியதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியமானது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. பாதி மீன் அப்படியே கிடந்தது.

"பையைக் குடுங்கோவன் அம்மா, ஒரு நாளைக்கு" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"நீ கொண்டுவந்த சட்டத்தை நானே முறிக்கிறதோ? பக்கத்துக் கடைக்காரி சிரிப்பாள்." அம்மா மீனுக்குத் தண்ணீர் தெளித்தா. "நல்லாத்தான் கதைச்சனீ பிள்ளை. நானும் வெளியில போய்க் குந்த வேண்டியதுதான்."

செயலாளரிடம் ஓடினேன். வெளியில் விற்பவர்களுக்கும் தடை போடுங்கள் என்றேன்.

"ஏலாது தங்கச்சி. மதிலுக்கு அங்கால வீதி. அது வேற திணைக்களம். நீங்கள் எழுதித் தந்ததும் அப்பிடித்தானே?"

"ஓம்" என்றேன். தடை பிழை என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதே விசிறியில் அதே பைகள் சுற்றுகின்றன. ஆனால் நான் வரைந்த கோட்டுக்கு உள்ளே என் அம்மாவை இருத்திவிட்டேன். வாங்குகிறவர்கள் எல்லாரும் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். தினமும் மதியம் அவ மீனைக் கருவாட்டுக்கு உப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கையுதவி செய்யலாம். வேறெதுவும் செய்ய முடியவில்லை.

கடைசியில் அந்தக் கிண்ணியாப் பிள்ளையைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "என்னை வீதியில விட்டுட்டுத்தானே சிரிச்சீங்க? இப்ப நீங்களும் வாங்க, வீதியிலயே நிண்டு கதைப்பம்" என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போய், வாயிலுக்கு வெளியிலும் பையைத் தடைசெய்யக் கேட்டு எழுதிய கடிதத்தைக் கொடுத்தோம். எழுதுவினைஞர் முத்திரை குத்தி, உயர்ந்திருந்த கடிதக் கட்டின் மேல் வைத்தார். சந்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பந்தியை இந்த முறை அவள்தான் எழுதியிருந்தாள்.