கையுறை சுற்றிய காகிதம்

ஊட்டிக் கடைவீதியில் துரைமார்களுக்கான பெரிய கடையொன்றில் கையுறை விற்றுவந்தாள் யூனிஸ். கோத்தகிரித் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மகள். அப்பா செத்ததும் எஸ்டேட் வீடு போயிற்று. அம்மா படுத்திருந்த வாடகை அறை இவள் சம்பளத்தில்தான் ஓடியது. அதனால் யூனிஸுக்குப் பேய், இருட்டு எதற்கும் பயமில்லை, மத்தியானம்தான் பயம்.

மத்தியானமானால் மேற்பார்வைக்காரி பியாட்ரிஸ் மிஸ் கவுண்டர் கவுண்டராக வந்து நகம், காலர், முகம் பார்ப்பாள். எண்ணெய் வழியும் முகத்தோடு சீமாட்டிகள் முன்னால் நிற்கக் கூடாதாம். ஒருத்தியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியும் இருக்கிறாள். யூனிஸின் மூக்கோ ஊட்டிக் குளிருக்கும் அடங்காத மூக்கு. உச்சி வெயில் ஏறுமுன்பே மினுமினுக்கத் தொடங்கிவிடும்.

பயத்தில் ஓடி ஓடிக் கழுவினாள். துணிச் சோப்பு, கையை விறைக்க வைக்கும் தண்ணீர். கன்னம் சிவந்து உரிந்தது, சிரித்தால் எரிந்தது; மூக்கு மட்டும் மறுபடி மினுங்கியது. அதன்மேல் பவுடரை அப்பினாள். எண்ணெயில் குழைந்து திட்டுத் திட்டாய் நின்றது. ஏதாவது தொத்து வியாதியா என்று கேட்ட மிஸ், மாசக் கடைசிக்குள் முகம் தெளியாவிட்டால் வர வேண்டாம் என்றாள்.

அதே கடையில் பவுடர் கவுண்டரில் நிற்கும் ஐவிதான் குழாயடியில் அவள் கையைப் பிடித்தாள்.

"மூஞ்சி என்ன ஈயப் பாத்திரமா, இப்படித் தேய்க்கறே? காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா, காரமில்லாத சோப்பு. நடுவுல தண்ணியே வேண்டாம்."

எண்ணெய் ஒற்றுவதற்கென்றே சின்னப் புத்தகமாய்க் காகிதம் அவள் கவுண்டரிலேயே விற்றது. இவர்கள் வாங்கும் விலையா அது? கையுறை சுற்றிவந்து குப்பைக்குப் போகும் மெல்லிய காகிதத்தை ஐவி நீவி எடுத்து, தேய்க்காமல் மூக்கில் அழுத்தி ஒற்றினாள். எண்ணெய் பட்ட இடம் காகிதத்தில் கண்ணாடிபோலத் தெரிந்தது. பிறகு துளிப் பவுடர், அதுவும் உதறிவிட்டு, மூக்கிலும் நெற்றியிலும் மட்டும். உரிந்த கன்னத்தில் படவே கூடாது என்றாள்.

கன்னம் மெல்ல ஆறியது. பயம் ஆறவில்லை. குப்பைக் காகிதமானாலும் கடைச் சொத்தல்லவா? சரக்கறையில் ஒளிந்துதான் ஒற்றினாள்.

மாசக் கடைசியில் ஒருநாள், காகிதம் மூக்கில் இருக்கும்போதே கதவு திறந்தது. பியாட்ரிஸ் மிஸ். யூனிஸுக்கு அம்மாவின் கட்டில் தெருவில் கிடப்பதுபோல் கண்ணில் தெரிந்தது.

மிஸ் கதவைச் சாத்தினாள். அவள் நெற்றி மினுமினுத்தது, பவுடர் திட்டாய்க் குழைந்திருந்தது, மோவாய் நடுங்கியது.

"கடை முதலாளி பெரிய துரை சொல்லாம கொள்ளாம வந்துட்டார். வயசாயிடுச்சுன்னு என்னை மாத்தி வேற ஆள் போடப் போறாராம்," என்றாள். "எனக்கும் ஒண்ணு குடு."

கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். யூனிஸ் அந்த நெற்றியை ஒற்றினாள், பவுடர் தட்டினாள்.

சற்று நேரத்தில் துரை முன்னே வர, பின்னால் பியாட்ரிஸ் மிஸ் வந்தாள். கையுறைக் கவுண்டரில் நின்று, வழக்கம்போல யூனிஸின் நகத்தைப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.