இடப்புறம் ஒன்றரை அங்குலம்

பணி ஓய்வு பெற்ற ஏழாம் ஆண்டில் நான் மீண்டும் முதலாண்டு மாணவனானேன். புதுக்கோட்டையில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடைபெறும் முதுகலை வரலாற்று வகுப்பு. மாணவர் பதினெண்மரில் எனக்கு அடுத்த மூத்தவர் விராலிமலையிலிருந்து வரும் செவிலி; அவருக்கே நாற்பதுதான் இருக்கும். பாடம் நடத்திய ஆசிரியை என் மகளினும் இளையவர்.

அவர் முதல் ஒப்படைப்புக்கு ஒரு தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதினார்: உங்கள் வட்டாரத்து நீர்நிலை ஒன்றின் வரலாறு. செவிலியம்மா எழுந்தார்.

“மேடம், டைப் பண்ணித்தானே தரணும்? ஃபாண்ட் என்ன, சைஸ் என்ன, எத்தனை பக்கம்னு சொன்னீங்கன்னா…”

“அதெல்லாம் நான் ஒண்ணும் சொல்லலைங்க. நான் படிக்கிற மாதிரி இருந்தாப் போதும்.”

ஆசிரியை வெளியேறியதும் வகுப்பில் பெருங்குழப்பம். விதியிருந்தால் பின்பற்றலாம், விதியில்லாத இடத்தில் என்ன செய்வது? தாழ்வாரத்தில் ஆளுக்கொரு கருத்து.

“பதினாறு சைஸ் வச்சு, ரெண்டு வரிக்கு நடுவுல மாட்டு வண்டி போற மாதிரி விட்டுட்டா, நாலு பக்கம் பத்துப் பக்கமாயிரும்” என்றார் மின்வாரியத்தில் பணிபுரியும் தோழர்.

“போன வருசம் எல்லாரும் பத்துப் பக்கம்தான் குடுத்தாகளாம்” என்றார் செவிலி. “ஐயாவுக்கென்ன, பத்துப் பக்கம் முன்னுரைக்கே பத்தாது.”

எல்லாரும் நகைத்தனர், நானும் நகைத்தேன். ஆனால் பத்து என்னும் எண் என் நெஞ்சில் ஆணையாகப் பதிந்துவிட்டது. முப்பத்து மூன்றாண்டுகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தவனுக்குச் செவிவழி வந்த எண்ணும் ஆணைதான்.

அவ்வலுவலகத்தின் வழக்கமொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குறிப்புத் தாளை நெடுக்குவாட்டில் மடித்து, இடப்புறம் மூன்றிலொரு பங்கை வெறுமையாக விட்டு, எஞ்சிய பகுதியில்தான் நாங்கள் எழுதுவோம். அவ்வெற்றிடம் மேலதிகாரிக்கு உரியது. ‘பேசவும்’ என்றோ ‘ஏன்?’ என்றோ அவர் அதில் கிறுக்குவார். என் எழுத்துக்குரிய தாளில் மூன்றிலொரு பங்கை நாள்தோறும் பிறர்க்கு ஈந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, எனக்கென எழுதியவற்றில் ஒரு விரற்கடை இடமும் நான் யாருக்கும் விட்டதில்லை.

என் துணைவியின் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. அவ்வூர் ஊருணியையே பொருளாகக் கொண்டேன். அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவ்வூரைப் பற்றி எழுதுவது அவருக்கு அருகில் அமர்ந்திருப்பது போன்றிருந்தது. கல்வெட்டு, மடைத்தூம்பு, வரத்து வாய்க்கால், கரை காத்தவர்க்கு விடப்பட்ட மானியம் என இரண்டு திங்கள் எழுதினேன். யாரேனும் அதை வரிவரியாகப் படித்து, இது சரி, இது தவறு என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஒன்றையே விரும்பினேன். மதிப்பெண்ணால் எனக்கு ஆவதொன்றில்லை.

ஆலங்குடிப் பேருந்து நிலையத்தருகே தட்டச்சுக் கடை நடத்தும் அம்மையார் என் கையெழுத்துப் படியைத் தட்டச்சிட்டுத் திரையைக் காட்டினார்.

“பன்னெண்டு சைஸ், ஒன்றரை ஸ்பேஸ், நாலு பக்கமும் ஒரு இஞ்சு விட்ருக்கேன் ஐயா. முப்பது பக்கம் வருது.”

“பத்துப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.”

“அப்ப பாதிக்கு மேல வெட்டணும்ல?”

“ஒரு சொல்லையும் வெட்டுவதற்கில்லை.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “மூட்டையில அமுக்குற மாதிரி அமுக்கணும். அப்புறம் என்னைய வையக்கூடாது.”

எழுத்தைப் பத்தாகக் குறைத்தார். ஓரங்களை அரையங்குலமாக்கினார். அப்போதும் அடங்கவில்லை. வரியிடைவெளியைக் கணிப்பொறி தானே கணித்துக்கொள்ள விடாமல், இத்தனை அளவுதான் என்று இறுக்கிக் கட்டினார். பத்தாம் பக்கத்தின் அடிவிளிம்பில் கடைசிச் சொல் வந்து நின்றது. நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன்.

அச்சிட்ட தாளை வாங்கிப் பார்த்தபோது களிப்புச் சற்றே குன்றியது. தமிழெழுத்துக்கு மேலும் உறுப்புண்டு, கீழும் உறுப்புண்டு. மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் தலையில் இடித்தன. சில மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பாதி வெட்டுண்டு கிடந்தன.

“நாந்தான் சொன்னேனே ஐயா. எழுத்துக்கும் மூச்சு விட எடம் வேணும்ல?”

சுருள்கம்பியிட்டுக் கட்டியபோது இன்னொன்றும் நிகழ்ந்தது. இடப்புறம் அரையங்குலமே இருந்ததால், துளைகள் வரிகளின் தொடக்கத்தை ஒட்டி விழுந்தன. பல பக்கங்களில் முதலெழுத்தையே தின்றுவிட்டன. மறுநாள் வகுப்பு. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரங்கழித்து ஒப்படைப்புகள் திரும்பி வந்தன. மின்வாரியத் தோழரின் ஏடு எனக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அவர் விட்டிருந்த அகன்ற ஓரமெங்கும் ஆசிரியையின் பச்சை மைக் குறிப்புகள். ‘சான்று எங்கே?’ ‘நல்ல கேள்வி.’ ‘இதை விரித்து எழுதுங்கள்.’

“பாருங்கய்யா, நான் எழுதுனதை விட அவுக எழுதுனது ஜாஸ்தி” என்று அவர் தலையிலடித்துக்கொண்டார்.

என் ஏட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கத்திலும் ஒன்றுமில்லை. கடைசிப் பக்கம் வரை பச்சை மையின் ஒரு துளியும் இல்லை. அட்டையில் மட்டும் ஒரு சுருக்கொப்பம். அறுபத்தைந்து அகவைக்காரன் இதற்கா கலங்குவது என்று நீங்கள் கருதலாம். கலங்கினேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் சென்றபின் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் மேசையோரம் நின்றபடி தயங்கினார்.

“மன்னிச்சுக்கங்க ஐயா. நாலாம் பக்கத்தோட நிறுத்திட்டேன். ராத்திரி பகலா முயற்சி பண்ணினேன்னு பொய் சொல்ல மாட்டேன், கண்ணு எரிஞ்சுது. ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு வந்தா, படிச்ச வரியையே திரும்பப் படிக்கிறேன். ரெண்டு எடத்துல ஏதோ கேக்கணும்னு பேனாவை எடுத்தேன். எழுத எடமே இல்லீங்களே.”

“பத்துப் பக்கத்துக்குள் அடக்கினேன் அம்மா.”

“பத்துன்னு யாருங்க சொன்னா?”

யாரும் சொல்லவில்லை.

“இன்னும் மார்க் அனுப்பலை. அடுத்த ஞாயித்துக்கெழமை மாத்திக் கொண்டாங்க. கண்டிப்பாப் படிக்கிறேன்” என்றார்.

ஆலங்குடிப் பேருந்தில் சன்னலோரம் இருக்கை கிடைத்தது. ‘எழுத எடமே இல்லீங்களே.’ அச்சொற்களை நான் முன்பே கேட்டிருந்தேன், வேறொரு குரலில்.

எங்கள் மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த காலம். ஞாயிறுதோறும் காலையில் அவளுக்கு உள்நாட்டு மடலில் கடிதம் எழுதுவேன். என் துணைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார்: “அடியில நாலு விரக்கடை எனக்கு விடுங்க. நானும் ரெண்டு வரி எழுதுறேன்.” சரி என்பேன். அறிவுரை, பொருள்விளக்கம், ஊர்ச்செய்தி என்று எழுதிக்கொண்டே போவேன். மடிக்கும் இதழ் வரை நிரம்பிவிடும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மடலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“எழுத எடமே இல்லையே. ஒங்க பொண்ணு மட்டுந்தானா, எனக்கும் இல்லையா?”

பிறகு மடலைப் பக்கவாட்டில் திருப்பி, என் வரிகளுக்கும் தாளின் விளிம்புக்கும் இடையிலிருந்த நூலிழை வெண்மையில், எறும்பு ஊர்ந்தது போல் ஏதோ எழுதுவார். ஒவ்வொரு வாரமும் அடுத்த முறை விடுகிறேன் என்பேன். விட்டதில்லை. விடுதி வாழ்வு முடிந்தது, கடிதங்களும் முடிந்தன. பேருந்திறங்கி வீடு சேர்ந்ததும் மகளிடம் தொலைபேசியில் கேட்டேன், அம்மா ஓரத்தில் என்னதான் எழுதுவார் என்று.

“பாதி புரியாதுப்பா. ஒங்க எழுத்து மேலயே ஏறிப் போயிரும்” என்றாள். “சாப்டியான்னு இருக்கும். மிச்சத்தை ஊருக்கு வாரப்ப அம்மாக்கிட்டயே கேட்டுக்குவேன்.”

திங்கட்கிழமை காலையிலேயே தட்டச்சுக் கடைக்குச் சென்றேன்.

“மறுபடி அமுக்கணுமா ஐயா?”

“இல்லை அம்மா. விரிக்க வேண்டும்.”

அவர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்துகாட்டினார். ஒரே பக்கத்தை மூன்று எழுத்துருக்களில் அச்சிட்டு மேசைமேல் வைத்தார். ஒன்று அழைப்பிதழுக்கு ஏற்ற வளைவு நெளிவு கொண்டது. தலைப்புக்கு அழகு, பத்து வரி படித்தால் அயர்வு. இரண்டாவது தடித்துக் கறுத்து, சுழிகள் அடைபட்டிருந்தது. மூன்றாவது கணிப்பொறியில் இயல்பாகவே இருக்கும் எளிய உரு. புள்ளி தனியே தெரிந்தது, ணகரமும் னகரமும் மயங்கவில்லை. அதனைக் கைநீளத்தில் பிடித்துக் கண்ணாடியின்றிப் படித்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது. அளவு பன்னிரண்டு, வரியிடைவெளி ஒன்றரை, மேலும் கீழும் வலமும் ஓரங்குலம்.

“கம்பி போடுற பக்கம் அரை இஞ்சு கூட்டிக்கிருவோம்” என்றார் அவர். இடப்புறம் ஒன்றரை அங்குலம் ஆயிற்று.

முப்பது பக்கத்தைத் தாண்டியது. நானே வெட்டினேன். குறுநில மன்னர் மரபுவரிசை ஆறு பக்கம் போயிற்று; வேறு நூல்களிலிருந்து நான் எடுத்தெழுதிய பெருமை மூன்று பக்கம் போயிற்று. வலித்தது என்பதை மறைக்கவில்லை. எஞ்சிய இருபத்து மூன்று பக்கங்களில் ஊருணி முன்னினும் தெளிவாகத் தெரிந்தது.

சொன்ன ஞாயிறன்று கொடுத்தேன்; அதற்கடுத்த ஞாயிறு ஏடு திரும்பி வந்தது. தாழ்வாரத்தின் கடைக்கோடியில் நின்று, தனியே பிரித்தேன். முதல் பக்கத்திலேயே பச்சை மை. ‘மடைத்தூம்பை நேரில் அளந்தீர்களா?’ அளந்தேன் அம்மா, அளந்தேன் என்று வாய்விட்டே சொன்னேன். ‘நன்று.’ ‘இந்தச் சொல்லை இப்போதுதான் அறிந்தேன், நன்றி.’ இருபத்து மூன்று பக்கமும் அவர் படித்திருந்தார். நான் விரும்பியது கிடைத்தது.

பத்தொன்பதாம் பக்கத்தில், படித்துறைகளை நான் வருணித்த இடத்தருகே, ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘இங்கே தண்ணீர் எடுத்த பெண்கள் என்ன சொல்கிறார்கள்? யாரிடமாவது கேட்டீர்களா?’

நான் கேட்கவில்லை. அந்த ஊருணியில் பன்னிரண்டு அகவை முதல் மணமாகும் வரை குடம் சுமந்தவரோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தேன். மேற்குப் படித்துறைத் தண்ணீர்தான் இனிக்கும் என்று அவர் சொல்வதுண்டு. நாலு துறைக்கும் ஒரே நீர்தானே என்று நான் திருத்துவேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அந்த ஏடு என் மேசைமேல் விரிந்திருக்கிறது. ஆசிரியையின் கேள்விக்குக் கீழே, ஒன்றரை அங்குல அகலத்தில், பக்கத்தின் அடி வரை வெண்மை. பென்சிலை எடுத்து, ‘மேற்குப் படித்துறைத் தண்ணீர் இனிக்குமாம்’ என்று மட்டும் எழுதினேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. மிச்ச இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.