பிள்ளையார் சந்நிதியில் எட்டாம் என்றி

உடுப்பிட்டிப் பரமலிங்கம் சீனியர் சோதனையில் இரண்டு முறை கோட்டை விட்டவன். விடியற்காலையில் அவன் உரத்துப் படிப்பான். அவன் படித்ததில் அயலட்டம் முழுவதற்கும் இங்கிலாந்துச் சரித்திரம் பாடமாகிவிட்டது. அவனுக்கு மட்டும் ஆகவில்லை. மூன்றாம் முறையும் தவறினால் காலி நகரத்தில் மாமாவின் சுருட்டுக் கடைதான் என்று தகப்பன் கந்தப்பு முடிவாகச் சொல்லிவிட்டார். பரமலிங்கத்துக்குச் சுருட்டு மணமே ஆகாது.

உடன் படித்த யாகப்பு ஒரு விளையாட்டுச் சொன்னான். நன்றாகப் பழகிய ஓரிடத்தை மனதுக்குள் சுற்றிவர வேண்டும். வழியில் ஒவ்வொரு இடத்திலும் மறக்கக்கூடாததை, சிரிப்பு வரும்படி நிறுத்த வேண்டும். பரமலிங்கத்துக்குப் பழகிய இடம் ஊர்ச் சிவன் கோயில். கொடிமரத்தில் ஏழாம் என்றி ராசாவின் முடியைத் தொங்கவிட்டான். பிள்ளையார் முன் எட்டாம் என்றியும் ஆறு மனைவிமாரும் மோதகத்துக்குச் சண்டைபிடித்தார்கள். சிறுவன் எட்வேட் முருகனின் மயிலில் ஏறினான். சண்டேசுரரிடம் மேரி தீப்பந்தத்தோடு நின்றாள். வைரவரின் நாயைக் கண்டு எலிசபெத் ஓடினாள். ஒருவரும் வரிசை தப்பவில்லை.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் பெரியப்பா கண்ணை மூடினார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. சோதனைக்குப் போகலாம், கோயிலுக்குள் போகக்கூடாது. பரமலிங்கத்தின் ராசாக்களோ எல்லோரும் கோயிலுக்குள்.

"அப்பு, மனசுக்குள்ளை போனாலும் குற்றமோ?" என்று கந்தப்புவிடம் கேட்டு, விஷயம் முழுவதையும் சொன்னான்.

"ஓமடா! மனசாலை கும்பிட்டால் புண்ணியமெண்டால், மனசாலை போனால் துடக்கும்தான்."

தாய் பூரணத்துக்குக் கவலை வேறு. "பெண்சாதி ஆறு பேரோ? அதுவும் பிள்ளையாருக்கு முன்னாலையோ?"

மறுநாள் சோதனைக்குப் போகும் வழியில் இதைக் கேட்ட யாகப்பு தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ உள்ளை போகாதையடா. அவையை வெளியிலை கூப்பிடு. ஒருத்தரை ஒருத்தரோடை கொளுவிக் கதையாக்குவம். ஏழாம் என்றியின்ரை முடி சுன்னாகம் சந்தையிலை உருளுது. எட்டாம் என்றி குனிஞ்சு எடுக்க அது தொந்தியிலை இறுகுது. ஆறு பெண்சாதிமாரும் இழுக்க, பறந்துபோய் எட்வேட்டின்ரை கண்ணை மூடுது. இருட்டெண்டு அவன் கத்த, மேரி பந்தம் கொளுத்துறாள். அது எலிசபெத்தின்ரை செம்பட்டை மயிரிலை பத்துது. இப்ப நீ சொல்லு."

பரமலிங்கம் சொன்னான். இன்னொரு தரமும், நடுவிலிருந்து தொடங்கியும் சொன்னான். சோதனை மண்டபத்தில் ஒரு துடக்கும் இல்லாமல் எழுதினான்.

சோதனையில் சித்தியடைந்தான். சுருட்டுக் கடை தப்பியது. மனதாலும் கோயில் வாசல் மிதிக்காததற்குச் சிவன் கொடுத்த பலன் என்றார் கந்தப்பு. யாகப்புவுக்கு ஒரு தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. அயல்வீட்டுக்காரனான எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் உண்டு.

ஆனால் கதையில் வெளியே வந்தவர்கள் கோயிலை விட்டுப் போகவில்லை. இப்போது அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் பரமலிங்கம் பிள்ளையார் முன் கண்ணை மூடினால் என்றிதான் மோதகத்தோடு நிற்கிறான். சிரிப்பை அடக்கத் தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர் வழிகிறது.

"என்ரை பிள்ளை எவ்வளவு படிச்சும் பக்தி குறையேல்லை, பாருங்கோ," என்று பூரணம் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காட்டுகிறாள்.