‘அழகான’ என்ற சொல்லை அழித்த மதியம்

பெங்களூர் தொம்மலூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் கடையில் பதினைந்து வருஷமாக டிசைன் வேலை பார்க்கிறேன். தப்பே செய்ததில்லை என்று சொன்னால் வாய் அழுகிப் போகும். முகூர்த்தத்தைக் காலை என்பதற்குப் பதில் மாலை என்று போட்டிருக்கிறேன். ஒருமுறை மாப்பிள்ளையின் படிப்பைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு இரண்டு வீட்டாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதெல்லாம் திருத்திவிடக்கூடிய தப்பு. ஒரு பெண்ணின் முகத்தையே மாற்றிவிட்டேன் என்று தெரிந்த அந்த வியாழக்கிழமை அப்படி இல்லை.

இப்போதெல்லாம் பிள்ளையார் படம் மட்டும் போதாது. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கும் போட்டோவை ஓவியமாக மாற்றி அட்டையில் போட வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டோவை ஏற்றி, ஓவியம் எப்படி வர வேண்டும் என்று இங்கிலீஷில் நாலு வரி எழுதினால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். அந்த நாலு வரியை நாங்கள் ‘ஸ்டைல்’ என்போம். என்னிடம் ஒரே ஒரு ஸ்டைல்தான் இருந்தது. ‘ராஜகளை, அழகான மணப்பெண், பளபளக்கும் சருமம், கம்பீரமான மாப்பிள்ளை, மென்மையான வாட்டர்கலர்.’ வருகிற எல்லாருக்கும் அதையே ஒட்டுவேன். யாரும் குறை சொன்னதில்லை. இருப்பதைவிட அழகாகக் காட்டினால் யாருக்குக் கசக்கும்?

திங்கட்கிழமை ஒரு அம்மா வந்து மகளின் நிச்சயதார்த்த போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து எங்கே வரும், படம் எங்கே வரும் என்று காட்டுவதற்காக ஒரு மாதிரியை அன்று சாயந்திரமே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘சூப்பர் மா’ என்று பதில் வந்தது. அத்தோடு மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது அந்த அம்மாவும் மகளும் உள்ளே வந்தார்கள். மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை இன்னும் தொங்கியது. போனை என் முன்னால் வைத்து, நான் அனுப்பிய படத்தைக் காட்டினாள்.

“அக்கா, இது யாரு?”

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் வெண்புள்ளித் திட்டு ஒன்று கன்னம்வரை இறங்கியிருந்தது. கீழுதட்டின் வலது ஓரத்திலிருந்து மோவாய்வரை இன்னொன்று. படத்தில் இரண்டும் இல்லை. மாநிறம்கூட இரண்டு படி வெளுத்திருந்தது. போட்டோவைத் திறந்து பெரிசாக்கினேன். அதில் இரண்டும் தெளிவாகவே இருந்தன. திங்கட்கிழமை அதைக் கட்டைவிரல் அளவில்தான் பார்த்திருக்கிறேன். ஃப்ளாஷ் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. பார்த்தேன் என்று சொல்வதே பொய். ஒட்டினேன், அனுப்பினேன், அவ்வளவுதான்.

“இதுல என்ன டீ குறை? லட்சணமாத்தானே இருக்கு?” என்றார் அம்மா.

“அம்மா, நீ சும்மா இரு. அக்கா, எங்கம்மா இத மாப்பிள்ளையோட அம்மாவுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க அத சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டாங்க.”

அவள் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வரன் வந்ததாம். ஸ்டுடியோக்காரர் இவர்களைக் கேட்காமலே போட்டோவில் திட்டுகளைத் தேய்த்து அழித்துக் கொடுத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்களாம். ‘ஏமாத்துக்காரக் குடும்பம்’ என்று வாசலில் நின்று சொன்னார்களாம். இந்த மாப்பிள்ளை ஹெப்பகோடி பக்கம் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவனும் அவன் அம்மாவும் நேரில் பார்த்துச் சம்மதித்தவர்கள். நிச்சயதார்த்தத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் மட்டும்தான் வந்தார்களாம்; மற்ற சொந்தக்காரர்கள் இவளைப் பார்த்ததில்லை.

“பத்திரிகையிலயே என்னைப் பாத்துடட்டும் அக்கா. கேக்கறத இப்பவே கேக்கட்டும். மண்டபத்துல, மேடையில, எல்லார் முன்னாடியும் ஒருத்தங்க வாயைப் பொத்திக்கினு பாக்கறத என்னால தாங்க முடியாது. இப்ப அச்சுலயும் பொய்னு ஆயிடுச்சுன்னா, அவ்ளோதான், எல்லாம் போச்சு.”

அவள் அழவில்லை. விரல்களை மட்டும் ஒன்றோடொன்று பின்னிப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்து, “ஆய்த்தா மேடம்?” என்றார். கன்னடக்காரர், ‘முடிஞ்சுதா’ என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தெரியாத மனிதர். நாலரைக்குள் ஃபைல் போகாவிட்டால் ப்ரெஸ்ஸில் அடுத்த வாரம்தான் ப்ளேட் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் முதல் பத்திரிகையைக் கோயிலில் வைத்தாக வேண்டும். மணி அப்போது இரண்டே கால்.

முதலில், ‘முகத்தில் உள்ள வெண்புள்ளிகளை அழிக்காதே’ என்று பழைய ஸ்டைலின் கீழே ஒரு வரி சேர்த்தேன். வந்த படத்தில் இரண்டு கண்களைச் சுற்றியும் வட்டமாக, அச்சில் வார்த்ததுபோல வெள்ளைத் திட்டு. கழுத்தில் நாலு. மாப்பிள்ளையின் நெற்றியில்கூட ஒன்று. அந்த வியாதியின் பெயரைச் சொன்னதும் அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு முகத்தை வரைந்திருக்கிறது; இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“ஐயையோ, இதுக்கு முன்னதே தேவலாம்!” என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “கண்ணு, அந்த முதல் படத்தையே போடு மா. யாரு உத்துப் பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்” என்றாள் மகள்.

அடுத்து, எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு இருக்கும் அளவுகோலை அடிமட்டத்துக்கு இறக்கினேன். முகம் அப்படியே இருந்தது. ஆனால் ஓவியமாகவே வரவில்லை. சாயம் போன போட்டோ மாதிரி இருந்தது. அளவைக் கொஞ்சம் ஏற்றினால் முகம் போகிறது, இறக்கினால் ஓவியம் போகிறது. மணி மூன்றாகிவிட்டது.

அப்போதுதான் என் நாலு வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ‘அழகான’, ‘பளபளக்கும் சருமம்’, ‘கம்பீரம்’, ‘ராஜகளை’. இதில் எதுவுமே ஓவியத்தைப் பற்றியது இல்லை. எல்லாம் ஆளைப் பற்றியது. ஆள்தான் போட்டோவில் இருக்கிறாளே, அவளைப் பற்றி நான் ஏன் சொல்ல வேண்டும்? பளபளக்கும் சருமம் என்று நானே எழுதிவிட்டு, அது தேய்த்து மினுக்கிவிட்டது என்று மெஷினைத் திட்டினால் என்ன நியாயம்? மாதக்கணக்காக எத்தனை பெண்களின் மச்சத்தையும் தழும்பையும் நிறத்தையும் இப்படித் துடைத்து அனுப்பியிருப்பேன்!

‘அழகான’ என்பதை அழித்தேன். ஆளைப் பற்றிய எல்லாவற்றையும் அழித்தேன். ‘வாட்டர்கலர்’ மட்டும் மிச்சம். அதுவும் ‘மென்மையான’ என்று இருந்ததால் ஒரு நிறம் இன்னொன்றில் ஊறி, திட்டின் ஓரமே கரைந்து போகிறது. அதனால் தூரிகையையும் தாளையும் பற்றி மட்டும் எழுதினேன். சொரசொரப்பான தாள், மெல்லிய பென்சில் கோடு, உலர்ந்த தாளில் வைத்த வாட்டர்கலர், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஓரம் தெளிவாக. பிறகு வியாதியின் பெயரைச் சொல்லாமல், கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதினேன். ‘இருவரின் முக அமைப்பும் தோலின் நிறமும் போட்டோவில் உள்ளபடியே. பெண்ணின் முகத்தில் வெளிர்ந்த இரண்டு இடங்கள்: இடது கண் ஓரத்திலிருந்து கன்னம்வரை, கீழுதட்டின் வலது ஓரத்திலிருந்து மோவாய்வரை. அவற்றின் வடிவமும் இடமும் போட்டோவில் உள்ளபடியே. எதையும் சேர்க்காமல், எதையும் சமன்படுத்தாமல்.’

போட்டோவையும் வெட்டினேன். முழு உருவமும் மேடையும் பூ அலங்காரமுமாக இருந்ததில் முகம் சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. அவ்வளவு சின்ன முகத்தில் தெரியாததை அது இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிக்கொள்ளும். இடுப்புக்கு மேலே மட்டும் வைத்து, அளவுகோலை நடுவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, ‘சாமி, காப்பாத்து’ என்று பட்டனை அழுத்தினேன்.

படம் மேலிருந்து கீழாகத் தெளிந்து வந்தது. கண் ஓரம் வந்தது. கன்னம் வந்தது. உதடு, மோவாய். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு விரலை ஸ்க்ரீன் மேலும் இன்னொரு விரலைத் தன் கன்னத்தின் மேலும் வைத்து, ஓரத்தோடு ஓரம் தடவிக்கொண்டே போனாள்.

“நான்தான் கா” என்றாள். அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கரித்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. குரூப்பில் கிடப்பது பழைய படமாயிற்றே. அம்மா தடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் புதுப் படத்தை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பினாள். ‘அத்தை, முதல்ல வந்தது கடையில செஞ்ச தப்பு. இதுதான் நான். இதைத்தான் அச்சடிக்கணும்னு நினைக்கிறேன்.’ அடித்து முடித்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றே முக்கால். கொஞ்சம் பொறுத்துப் புரட்டிப் பார்த்தாள். படித்துவிட்டார்கள், பதில் இல்லை. நான் டீ வரவழைத்தேன். மூன்று பேருடைய டீயும் ஆடை கட்டி ஆறியது. “கெடுத்துட்டியே டீ, கெடுத்துட்டியே” என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. போன தடவை வாசலில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டவர் அவர்தானே. ப்ரெஸ்ஸிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் எடுக்கவில்லை.

நாலு பத்துக்கு அம்மாவின் போன் அடித்தது. சம்பந்தி அம்மா. இவர் அவசரத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“என்ன சம்பந்தி, முதல் படத்தப் பாத்துட்டு எங்க அண்ணன் கேக்கறாரு, ‘பொண்ணு முகத்துல வெள்ளைத் திட்டு இருக்குன்னியே, எங்க?’ன்னு. பதில் சொல்ல முடியாம ரெண்டு நாளா முழிச்சிக்கினு இருந்தேன். இத நானே குரூப்ல போட்டுட்டேன். நாலு பேரு நாலு விதமா கேட்டாங்க, சொல்லி முடிச்சுட்டுதான் உங்களுக்குப் போன் பண்றேன். இதையே அடிங்க.”

மகள் மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கப் போன நான், மறுமுனையில் பேச்சு முடியவில்லை என்று கையை நிறுத்தினேன். அந்தக் குரல் கொஞ்சம் இழுத்தது.

“ஒண்ணே ஒண்ணுதான் சம்பந்தி. முதல் படத்துல என் பையனுக்கு முன்தலையில நெறைய முடி இருந்துச்சு. இதுல காணோம். அத மட்டும் கொஞ்சம் போடச் சொல்றீங்களா?”

இரண்டு படங்களையும் அவசரமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட ஆமாம்! கம்பீரமான மாப்பிள்ளைக்கு அடர்த்தியாக முடி முளைத்திருந்ததை, பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவே இல்லை. போடவா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தேன்.

மதியத்திலிருந்து அந்த முதல் படத்துக்காக மல்லுக்கட்டிய அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

“வேணாங்க சம்பந்தி” என்றார். “ரெண்டு பேரும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.”