குடும்ப காரியம்

என் தகப்பனார் வைகாசி மாதம் வளர்பிறை தசமியில் காலமானார். நல்ல திதியில் போய்ச் சேர்ந்தார், புண்ணியவான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அது புண்ணியமாக இருக்கலாம். எனக்கு வருஷா வருஷம் தலைவலி. நல்ல திதி என்றால் கல்யாணத்துக்கும் அதுதானே நல்ல திதி? ஊரே மேளம் கொட்டிக்கொண்டிருக்கும் நாளில் நான் ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருப்பேன். இப்படி எத்தனை கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அதில் ஒன்றைத்தான் மறக்க முடியவில்லை.

யுத்த காலம். பட்டாபிராமில் ராணுவச் சாமான் கிடங்கு ஒன்றில் எனக்கு குமாஸ்தா வேலை. அம்பத்தூரில் ரயில் ஏறி, ஆவடி தாண்டி இறங்குவேன். கூடாரத் துணி, கயிறு, இரும்பு வாளி, இன்னும் என்னென்னவோ கூட்ஸ் வாகனில் வந்து இறங்கும். இறங்கியதை எழுத வேண்டும், திரும்ப ஏறியதையும் எழுத வேண்டும். யுத்தம் நடப்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பும்போது விரல் மடங்காது.

எங்கள் ஆபீஸ் அறையில் எட்டுப் பேர். எட்டாவதாக வந்து சேர்ந்தவர் பாடிக்கு அப்பால் சேரியிலிருந்து வந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். யுத்தம் வந்து ஆள் போதாமல் போனதால்தான் அவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது என்று தலைமைக் குமாஸ்தா அவர் காதுபடவே சொல்வார். மற்றவர்கள் அவரை வா, போ என்றார்கள். நான் ‘நீங்க’ என்பேன். அதிலேயே எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன்?

அவர் வில்லிவாக்கத்தில் இறங்குகிறவர். ஆகவே இருவரும் சாயங்கால ரயிலில் ஒன்றாகத்தான் வருவோம். ஒரு முறை மலேரியா வந்து நான் பத்து நாள் படுத்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் என் மேஜையில் ஒரு காகிதம்கூடத் தேங்கவில்லை. யார் பார்த்தது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. முத்து முத்தான எழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

சித்திரை முடியும் சமயம், ஒருநாள் மதியம் அவர் மேஜை மேஜையாக வந்து கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. கல்யாணம் அவருக்குத்தான்; அழைப்பை அவருடைய அண்ணன் பெயரில் அச்சடித்திருந்தது. எனக்குக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றார்.

“தட்டுல வெத்தல பாக்கோட வெச்சு, ஊட்டாண்ட வந்து குடுக்கணும் சார். அதான் மொற. வந்தா உங்களுக்குத்தான் சங்கடம். அதான் இங்கயே குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அதனால் என்ன, வீட்டுக்கே வாங்க” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “இதுல இன்னா கீது, எங்க குடுத்தா இன்னா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பத்திரிகையைப் பிரித்தேன். வைகாசி, வியாழக்கிழமை, வளர்பிறை தசமி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவருமா?

நான் மூத்த மகன். திதி கொடுக்க வேண்டியவன் நான். பூந்தமல்லியிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருவான். புரோகிதரிடம் போன வருஷமே சொல்லி வைத்தாயிற்று. தள்ளிப் போட இது சீமந்தம் இல்லை. சரி, மத்தியானம் காக்கைக்குச் சோறு வைத்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமாவது தலைகாட்டலாமா என்றால் அதுவும் கூடாது. திதி கொடுத்த நாளில் மங்கள காரியம் நடக்கும் வீட்டுப் படி ஏறக் கூடாது. எங்கள் பக்கத்தில் எவனும் ஏறமாட்டான்.

வர முடியாதென்றால் எழுதித் தெரிவிக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் அவமானப்படுத்தியது போல. எழுதினாலோ, காரணத்தை எழுத முடியாது. கல்யாண வீட்டுக்குப் போகிற கடிதத்தில் ‘திதி’ என்ற சொல்லை எழுதுவதா? மூலையில் மஞ்சள் வைத்துவிட்டு உள்ளே கருமாதி விஷயத்தை வைப்பதா? வாயாலாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்திரிகையைக் கையில் வாங்கியவன் கல்யாணம் முடிகிற வரையில் மாப்பிள்ளை காதுபட அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

ரயிலில் தினம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு எதையெல்லாமோ பேசினேன்.

இதற்குள் அறையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் போவதில்லை என்று மற்ற ஆறு பேரும் பத்திரிகை கைக்கு வந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்கள். போனால் சாப்பிட வேண்டுமே. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைமைக் குமாஸ்தா ஒரு நகல் தயார் செய்தார். கடிதம் எழுதுவதில் அந்த மனிதர் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அழைத்தவர் அண்ணன், ஆகவே பதிலும் அண்ணன் பெயருக்குத்தான் போக வேண்டும் என்றார். கார்டில் எழுதினால் கண்டவன் படிப்பான், கவரில் வைத்து ஒட்டு என்றார். ‘முடியாது’ என்ற வார்த்தை கல்யாண வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, முதல் வரி சந்தோஷத்தில் தொடங்க வேண்டும், குறை நம் பேரில் இருக்க வேண்டும், கடைசி வரி ஆசீர்வாதத்தில் முடிய வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நகல் இதுதான்:

‘சுபம். தங்கள் இளைய சகோதரரின் விவாகப் பத்திரிகை கிடைத்து மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன். முன்பே ஒப்புக்கொண்டுவிட்ட குடும்ப காரியம் ஒன்று அதே தினத்தில் குறுக்கிட்டுவிட்டபடியால், நேரில் வந்திருந்து கண்குளிரக் காணும் பாக்கியம் எனக்கு இல்லாமற் போயிற்று. மணமக்கள் நீடூழி வாழ எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்.’

அந்தக் காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்து என்னிடமும் வந்தது. படித்துப் பார்த்தேன். எனக்கென்றே எழுதியது போல இருந்தது. முன்பே ஒப்புக்கொண்டதா? ஆமாம். குடும்ப காரியமா? ஆமாம். அதே தினமா? அதே தினம்தான். திதி என்ற பேச்சே இல்லாமல் திதியைச் சொல்லியாயிற்று. பகலெல்லாம் எழுதிக் களைத்த கை, சொந்தமாக நாலு வரி யோசிக்க அலுத்துக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்து அப்படியே பார்த்து எழுதினேன்.

“இன்னா எழுதிகினு கீறீங்க?” என்றாள் மனைவி. சொன்னேன். மஞ்சளைக் குழைத்து அவளே நான்கு மூலையிலும் தொட்டு வைத்தாள். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முந்தியே போய்ச் சேரும்படி தபாலில் போட்டேன். ஒரு கடமை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். குமாஸ்தா புத்தி, வேறென்ன சொல்ல? நகல் இருந்தால் நகலெடுத்துவிடும். ஏழு கவரும் ஒரே வீட்டுக்குப் போகிறதே என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தசமியன்று லீவு எடுத்தேன். யுத்த காலத்தில் லீவு என்றால் மேலதிகாரி முகத்தைப் பார்க்க முடியாது, கெஞ்சித்தான் வாங்கினேன். திதி முடிந்தது. தம்பி வழக்கம்போல வடை ஆறிப்போயிற்று என்று குறை சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்கு வண்டி கட்டினான்.

பத்து நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். விரலில் புது மோதிரம் இருந்தது. கல்யாணம் முடித்து வருகிறவர் ஒரு பூந்திப் பொட்டலமாவது கொண்டுவருவார். இவர் கையை வீசிக்கொண்டு வந்தார். வந்ததும் ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போனவர், முந்தின பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

சாயங்காலம் ரயிலில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். வண்டி ஆவடியை விட்டதும் சொன்னார்:

“கல்யாணத்தன்னிக்கு சாயந்தரம் எங்க பக்கத்துல வாழ்த்துப் படிப்பாங்க சார். எங்க அண்ணாத்தைக்கு ஒரே பெரும. தம்பி ஆபீஸ்லருந்து ஏழு கடுதாசி வந்துகீதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தாரு. எதையும் பிரிக்காம வெச்சிருந்து, வாத்தியார உட்டு பந்தல்ல உரக்கப் படிக்க சொன்னாரு.”

பார்த்து எழுதிய நாலு வரியும் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

“மொதல்ல கை தட்டுனாங்க. ரெண்டாவதுக்கும் தட்டுனாங்க. மூணாவது படிக்கசொல்ல பசங்க கூடவே சொல்ல ஆரம்பிச்சுட்டானுங்க, ‘குடும்ப காரியம் ஒன்று அதே தினத்தில்’னு. ஒரே சிரிப்பு. அண்ணாத்த மட்டும் சிரிக்கல. ஏழையும் படிச்சு முடிக்கிற வரிக்கும் நின்னுகினே இருந்தாரு. ஏழாவது உங்களுது சார்.”

அன்று எங்கள் அப்பா திதி என்று சொல்ல வாயெடுத்தேன். இப்போது சொன்னால் யார் நம்புவார்கள் என்று மென்று விழுங்கினேன். அவரே தொடர்ந்தார்.

“இன்னிக்கி ஆஜர் புஸ்தகத்த பாத்தேன். அன்னிக்கி ஆறு பேரும் வந்து கையெழுத்து போட்டுகீறாங்க. நீங்க மட்டும்தான் லீவு. உங்களுக்கு மட்டும் நெசமாவே காரியம் இருந்துகீது.”

“அப்பா திதி” என்றேன். “கல்யாண வீட்டுக்கு அதை எப்படி எழுதறது?”

“எழுதக் கூடாது சார். எங்க ஊட்லயும் அப்படித்தான்.” அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் மூச்சு வந்தது. அந்த ஒரு நிமிஷம், என் தகப்பனார் தசமியில் போனதே நல்லது என்றுகூட நினைத்தேன்.

பிறகு அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

“சார், திதி இல்லாம இருந்திருந்தா வந்திருப்பீங்களா?”

வந்திருப்பேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் யோசித்தேன். பந்தலில் இலை போட்டு உட்காருவதை யோசித்தேன். தம்பிக்குத் தெரிந்தால் என்ன சொல்வான், புரோகிதர் அடுத்த வருஷம் வருவாரா, மனைவி கிணற்றடியில் என்ன பேச்சுக் கேட்பாள் என்றெல்லாம் யோசித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் யோசிப்பதைப் பார்த்தபடியே காத்துக்கொண்டிருந்தார். வண்டி வேகம் குறைந்தது.

வாயைத் திறந்தேன். அவர் மேலே இருந்த என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“எறங்குங்க சார். அம்பத்தூர் வந்துடுச்சி.”

வண்டி இன்னும் நிற்கவில்லை. பதில் சொல்ல நேரம் இருந்தது. எனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் எழுப்பிவிட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தூக்கை வாங்கிக்கொண்டு இறங்கினேன். வண்டி புறப்பட்டதும் மனதுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கடிதத்தை நினைத்துக்கூட நான் வெட்கப்படுவதில்லை. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் வெட்கப்படுகிறேன்.